மலையேற்றத்தில் 'டிங் டிங்' சத்தமா?

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு, ஐந்து பேரும் மூட்டை முடிச்சுமாக பெட்ரோல் காரில் ஏறுகிறீர்கள். நான்காவது கியரில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால், டப்பாவுக்குள் கூழாங்கல் குலுங்குவதுபோல் இன்ஜினில் சத்தம். இதுதான் நாக்கிங். தரம் குறைந்த, அதாவது ஆக்டேன் குறைந்த பெட்ரோல், பாரமும் சூடும் கூடும்போது சிலிண்டரில் தீ முழுதும் பரவும் முன்பே தானாக வெடித்துவிடுகிறது.

இன்ஜின் பிளாக்கில் உள்ள நாக் சென்சார் அந்த அதிர்வை உணர்ந்ததும், இசியு ஸ்பார்க் நேரத்தைச் சில டிகிரி தாமதப்படுத்தும். சத்தம் அடங்கும்; ஆனால் இழுவை குறையும், மைலேஜும் இறங்கும். பிறகு இசியு மெல்ல மெல்லப் பழைய நேரத்துக்குத் திரும்பிப் பார்க்கும். ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துவதற்கும் ஓர் எல்லை உண்டு. சத்தம் தொடர்ந்தால், இசியு தன்னால் ஆனதைச் செய்து முடித்துவிட்டது என்று பொருள்.

வேகம் குறைகிறதே என்று மேலும் அழுத்தாதீர்கள். காலைத் தளர்த்தி, மூன்றாவது அல்லது இரண்டாவது கியருக்கு இறக்குங்கள். சுற்று கூடினால் ஒவ்வொரு வெடிப்பிலும் பாரம் குறையும். டேங்க் காலியாக இருக்கையில் நல்ல பங்கில் 95 ஆக்டேன் பெட்ரோல் போடுங்கள். இசியு தானே சரிசெய்துகொள்ளும்.

வெறும் நாக்கிங்குக்குப் பெரும்பாலும் விளக்கு எரியாது. 'செக் இன்ஜின்' எரிந்து, ஸ்கேனரில் P0325 வந்தால், சென்சாரையோ அதன் வயரையோ மெக்கானிக்கிடம் பார்க்கச் சொல்லுங்கள். நல்ல பெட்ரோலிலும் சத்தம் நிற்காவிட்டால், கூலன்ட்டையும் பிளக்கையும் சோதிக்க வேண்டும்.