இன்னொரு சிம்மில் பேசினால் நெட் ஏன் நிற்கிறது?

கேள்வி: ஓசூர் சிப்காட்டில் வேலை. தமிழ்நாட்டு சிம்மில் நெட், கர்நாடக சிம்மில் பேச்சு. பேசும்போது மட்டும் நெட் நின்றுவிடுகிறதே, ஏன்?

பதில்: கோளாறு எல்லைக்கு அப்பாலுள்ள அத்திப்பள்ளி டவரில் இல்லை, போனின் அமைப்பில்தான். பெரும்பாலான இரட்டை சிம் போன்களில் ரேடியோ ஒன்றுதான். இரண்டு சிம்மும் அதை மாறி மாறிப் பயன்படுத்தும். சும்மா இருக்கையில் இரண்டுக்கும் அழைப்பு வரும். ஒன்றில் பேச ஆரம்பித்தால் மற்றது காத்திருக்கும். இதுதான் 'டூயல் ஸ்டாண்ட்பை'. போனை வைத்ததும் சில நொடிகளில் நெட் திரும்பினால் காரணம் இதுவே. பேசாதபோதும் மந்தமென்றால், எல்லையில் போன் எந்த டவரைப் பிடித்திருக்கிறது என்று பாருங்கள்.

கர்நாடக சிம்மிலும் டேட்டா பேக் இருந்தால், அழைப்பின்போது டேட்டாவைத் தானாக மாற்றும் வசதியை சிம் செட்டிங்கில் இயக்குங்கள். இரண்டிலும் வோல்ட்இ இருக்க வேண்டும். பழைய போன்கள் சிலவற்றில் இரண்டாம் சிம்முக்கு 2ஜி மட்டுமே. அங்கே இது பலிக்காது.

ஹைப்ரிட் ஸ்லாட் வேறு சங்கதி: இரண்டாம் சிம் அல்லது மெமரி கார்டு, ஒன்றுக்குத்தான் இடம். வேகத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை.