கரண்ட் பில் அட்டவணையைக் கணக்குக்குக் கொண்டு வருவது எப்படி?



நமது டிரஸ்டின் மருத்துவ உதவியில், படுக்கையில் இருக்கும் நோயாளிகளின் வீட்டு மின் கட்டணமும் சேர்கிறது. வீட்டார் இரண்டு மாத யூனிட்டைப் போனில் சொல்வார்கள். அதைக் கம்ப்யூட்டரில் போட்டு, வரும் தொகையைக் கொடுத்து வந்தோம். 2023-ன் தொடக்கத்தில் ஒரு வீட்டுக்கு நாங்கள் கொடுத்த தொகை 225 ரூபாய் குறைந்துவிட்டது. தவறு எங்கள் கணக்கில்தான் இருந்தது. ஒரு போட்டோவைப் பார்த்துக் கட்டண விகிதத்தை ஏற்றியபோது அது நேர்ந்தது. அதே போட்டோவை வைத்து வீட்டில் கணக்குப் போடும் எவருக்கும் அதே தவறு நேரலாம் என்பதால், இந்த இதழில் அதை விளக்குகிறோம்.

அந்த வீட்டில் மூச்சுத் திணறல் உள்ள பெரியவருக்கு ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் வைத்திருந்தார்கள். அது சுமார் 350 வாட் இழுக்கும் மெஷின். இரவும் பகலும் ஓடினால் ஒரு நாளைக்கு 8.4 யூனிட், 60 நாளில் 504 யூனிட். விளக்கு, ஃபேன், ஃபிரிட்ஜ் எல்லாம் சேர்த்து முன்பு 136 யூனிட் ஓடிய வீடு அது. அப்போது பில் 81 ரூபாய்தான். மெஷின் வந்த பிறகு 640 யூனிட் ஆனது. எங்கள் கணக்கு 2,885 ரூபாய் என்றது, கொடுத்தோம். மூன்றாம் நாள் அந்த அம்மா ரசீதோடு வந்தார்கள். "தம்பி, பில்லுல 3,110 போட்டிருக்கு. மிச்சத்தைப் பக்கத்து வீட்டுல கைமாத்தா வாங்கிக் கட்டிட்டேன்" என்றார்கள்.

கம்ப்யூட்டர் கூட்டலில் பிழை இல்லை. பின் எங்கே தவறியது? எங்கள் தன்னார்வத் தம்பி ஒருவர், மின் கட்டண வசூல் மையத்து அறிவிப்புப் பலகையைப் போனில் படம் எடுத்து, அதைப் பார்த்து விகிதங்களை ஏற்றியிருந்தார். படத்தில் ஒரே அட்டவணை போலத் தெரிந்தது. உண்மையில் அது இரண்டு அட்டவணைகள்.

தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 10 முதல் அமலான வீட்டு மின் கட்டணம், அரசு மானியம் போக, இப்படி இருந்தது. இரண்டு மாதத்தில் மொத்தம் 500 யூனிட்டுக்குள் ஓடினால், முதல் 100 யூனிட் இலவசம். 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு ரூ. 2.25, 201 முதல் 400 வரை ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6. மொத்தம் 500-ஐத் தாண்டிவிட்டாலும் முதல் 100 இலவசம்தான். ஆனால் 101 முதல் 400 வரை முழுவதும் ரூ. 4.50, 401 முதல் 500 வரை ரூ. 6, 501 முதல் 600 வரை ரூ. 8, 601 முதல் 800 வரை ரூ. 9, 801 முதல் 1000 வரை ரூ. 10, அதற்கு மேல் ரூ. 11.

வேறுபாடு 101-லிருந்து 200 வரையிலான படியில்தான். அந்த நூறு யூனிட்டுக்குப் பாதி விலை என்னும் மானியம் 500-க்குள் நிற்பவர்களுக்கு மட்டும் உரியது. 501-ஆவது யூனிட் ஓடியதும் அந்தச் சலுகை முழுவதும் போய்விடுகிறது. ஆகவே 500 யூனிட்டுக்கு பில் 1,725 ரூபாய். 501 யூனிட்டுக்கு 1,958 ரூபாய். கூடிய ஒரு யூனிட்டின் விலை 8 ரூபாய். மீதி 225 ரூபாய், கைவிட்டுப் போன சலுகை.

எங்கள் தம்பி எடுத்த படத்தில் "500 யூனிட்டுக்கு மேல்" என்ற தலைப்பு வெளிச்சம் பட்டு வெளுத்துப் போயிருந்தது. அவர் முதல் அட்டவணையை 500 வரை எழுதி, அதன் கீழே இரண்டாவதிலிருந்து 501 முதல் உள்ள படிகளைத் தொடர்ச்சியாக ஒட்டிவிட்டார். பார்க்க ஒழுங்கான ஒரே பட்டியல். 500-க்குள் உள்ள வீடுகளுக்கெல்லாம் அது சரியான விடையே தந்தது. அதனால்தான் பல மாதம் எவருக்கும் சந்தேகம் வரவில்லை. 500-ஐத் தாண்டும் வீட்டுக்கு மட்டும், எத்தனை யூனிட் ஆனாலும், சரியாக 225 ரூபாய் குறைத்துக் காட்டியது.

இனி, படத்தைப் பட்டியலாக்கும் முறையைப் பார்ப்போம்.

படம் எடுக்கும்போது எண்கள் மட்டும் விழுந்தால் போதாது. மேலே உள்ள தலைப்பு, அமலுக்கு வந்த தேதி, "இரண்டு மாதத்திற்கு" என்ற சொல், அடியில் உள்ள குறிப்பு ஆகிய நான்கும் விழ வேண்டும். தேதி விழாத படம் வாட்ஸ்அப்பில் வருடக்கணக்கில் சுற்றும். மேலே சொன்ன விகிதமே 2024 ஜூலையில் உயர்ந்துவிட்டது. இங்கே அதை எடுத்துக்கொண்டது, நடந்த சம்பவம் அந்தக் காலத்தது என்பதால்தான். உங்கள் பில்லுக்கு அந்தத் தேதியில் நடப்பில் உள்ள விகிதத்தையே போட வேண்டும். மானியம் கழிக்காத அட்டவணையும் உண்டு. அதில் முதல் 100 யூனிட்டுக்கும் விலை போட்டிருக்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால் பில் கூடிவிடும்.

அடுத்து, படத்தில் உள்ளதை அப்படியே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பல வரிகளுக்குச் சேர்த்து ஒரே கட்டமாக இருப்பதை ஒவ்வொரு வரியிலும் தனித்தனியாக நிரப்புங்கள். போனில் படத்திலிருந்து எழுத்தை எடுக்கும் வசதியை நம்பி விட்டுவிடக் கூடாது. புள்ளி மங்கலாக இருந்தால் 4.50 என்பது 450 ஆகிவிடும். இரண்டு அட்டவணையும் ஒரே வரிசையில் கலந்தும் வரும். எழுதிய பின் மேலிருந்து கீழே பாருங்கள். இந்த அட்டவணைகளில் விகிதம் கீழே போகப் போக ஏறுமே தவிர இறங்காது. ஒரு படி முடியும் எண்ணுக்கு அடுத்த எண்ணில்தான் அடுத்த படி தொடங்கும். 500-ல் முடிந்த பிறகு மீண்டும் 1 அல்லது 101 என்று வந்தால், அங்கே புது அட்டவணை தொடங்குகிறது என்று பொருள்.

இப்போது அதைக் கணக்குக்கு ஏற்ற உருவில் மாற்ற வேண்டும். பலகையில் 101 - 200 என்று இருப்பது மனிதர் படிப்பதற்கு. 200-லிருந்து 101-ஐக் கழித்தால் 99 வரும். படியில் உள்ளதோ 100 யூனிட். ஆகவே தொடக்க எண்ணாக, முந்தைய படி முடிந்த எண்ணையே எழுத வேண்டும். 500-க்கு மேற்பட்ட பட்டியல் இப்படி அமையும். முதல் எண் தொடக்கம், இரண்டாவது முடிவு, மூன்றாவது விலை. கடைசிப் படிக்கு முடிவு இல்லாததால், எட்ட முடியாத பெரிய எண் ஒன்றைப் போட்டிருக்கிறோம்.

```
0     100     0
100   400     4.50
400   500     6.00
500   600     8.00
600   800     9.00
800   1000    10.00
1000  999999  11.00
```

500 வரைக்குமான பட்டியலைத் தனித் தாளில் வைத்துக்கொள்ளுங்கள்:

```
0     100     0
100   200     2.25
200   400     4.50
400   500     6.00
```

எக்செல் அல்லது கூகுள் ஷீட்டில் இந்த மூன்று எண்களையும் A, B, C வரிசைகளில் இரண்டாவது வரியிலிருந்து போட்டு, ஓடிய யூனிட்டை E1 கட்டத்தில் எழுதுங்கள். D வரிசையில் அந்தப் படிக்குள் விழும் யூனிட் வர வேண்டும்:

```
=MAX(0, MIN($E$1, B2) - A2)
```

இதைக் கீழ்வரி வரை இழுத்துவிட்டு, ஒவ்வொரு வரியிலும் D-யை C-யால் பெருக்கிக் கூட்டினால் பில் தொகை. யூனிட் 500 அல்லது அதற்குக் குறைவு என்றால் சிறிய பட்டியலையும், 501 முதல் பெரிய பட்டியலையும் பார்க்க வேண்டும். எந்தப் பட்டியல் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகே கூட்ட வேண்டும். இரண்டையும் கலக்கக் கூடாது.

அந்த அம்மாவின் 640 யூனிட்டைப் போட்டுப் பார்ப்போம். முதல் 100-க்கு ஒன்றுமில்லை. அடுத்த 300 யூனிட்டுக்கு 1,350. அடுத்த 100-க்கு 600. அதற்கடுத்த 100-க்கு 800. மீதி 40 யூனிட்டுக்கு 360. மொத்தம் 3,110 ரூபாய். ரசீதும் அதையே சொல்கிறது.

சரிபார்க்க இரண்டு சோதனை போதும். ஒன்று, D வரிசையில் உள்ள யூனிட்டுகளைக் கூட்டினால் ஓடிய மொத்த யூனிட் வர வேண்டும். தொடக்க எண்களை 1, 101, 401 என்று பலகையில் உள்ளபடியே எழுதியிருந்தால் 640-க்குப் பதில் 635 வரும். பில்லும் 27 ரூபாய் 50 காசு குறையும். இரண்டாவது, படிகளின் ஓரத்தில் நிற்கும் எண்களைப் போட்டுப் பாருங்கள். இந்த விகிதத்தில் 100 யூனிட்டுக்கு 0, 200-க்கு 225, 400-க்கு 1,125, 500-க்கு 1,725, 501-க்கு 1,958 வர வேண்டும். நாங்கள் ஏற்றியபோது 300, 350 என்று நடுவில் உள்ள எண்களையே சோதித்தோம். எல்லாம் சரியாக வந்தது. 501-ஐ ஒருமுறை போட்டிருந்தால் அன்றே 1,733 என்று தவறான விடை வந்திருக்கும். பழைய பில் ஒன்றோடு ஒப்பிட்டிருந்தால் பிடித்திருப்போம்.

இந்தக் கணக்கு, ஓடிய யூனிட்டுக்கான தொகையை மட்டும் சொல்லும். பழைய பாக்கி, கூடுதல் டெபாசிட் போன்றவை பில்லில் சேர்ந்திருந்தால் அவை இதில் வராது. இது இரண்டு மாத அட்டவணை என்பதால், ஒரு மாத ரீடிங்கை இதில் போட்டால் இலவச யூனிட் இரு மடங்காகிவிடும். இரண்டு மாத ரீடிங்கையும் சேர்த்தே போட வேண்டும்.

அந்த அம்மாவுக்குரிய 225 ரூபாயை அன்றே கொடுத்தோம். பழைய ஏட்டைப் புரட்டியதில், 500-ஐத் தாண்டிய வேறு இரண்டு வீட்டாருக்கும் இதே தொகை குறைந்திருந்தது. கேட்கவில்லை என்பதற்காக அவர்களுடைய ஹக்கு இல்லாமல் போகாது. வீடு தேடிச் சென்று கொடுத்துவிட்டோம். அது முதல் யூனிட்டை வாய்மொழியாக மட்டும் வாங்குவதில்லை. பில்லின் படத்தையும் வாங்கி, எங்கள் கணக்கோடு ஒப்பிட்ட பிறகே தொகை எழுதுகிறோம். மருத்துவ உதவி பெறும் வீட்டார் இனி பில் கிடைத்ததும், மேல் ஓரத்திலிருந்து கீழ் ஓரம் வரை முழுவதும் தெரியும்படி படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்பித் தரவும். ஒரு ரூபாய் வித்தியாசம் இருந்தாலும் சொல்லுங்கள். இன்ஷா அல்லாஹ், அன்றே பார்த்துச் சரிசெய்வோம்.

வஸ்ஸலாம்.
செயலாளர்