வேரை நீக்கும்போது மரம் ஏன் இடப்பக்கம் சாய்கிறது?

இருமத் தேடல் மரத்தில் இரு குழந்தைகள் உள்ள கணுவை நீக்கினால், வலக்கிளையின் மிகச் சிறிய எண்ணை அந்த இடத்தில் வைக்கச் சொல்கிறோம். விடை சரியாகத்தான் வரும். ஆனால் எப்போதும் வலப்பக்கமே எடுத்தால் என்ன ஆகும் என்று மாணவர் கேட்டால், நான் கரும்பலகையில் இந்த மரத்தை வரைவேன்.

வேர் 40. இடப்பக்கம் 20, அதன்கீழ் 10, 30. வலப்பக்கம் 60, அதன்கீழ் 50, 70. மூன்று மட்டங்கள்.

40-ஐ நீக்குவோம், 50 வேராகிறது. 45-ஐச் சேர்த்தால், அது 50-ஐவிடச் சிறியது என்பதால் இடப்பக்கம் போய் 30-இன் வலப்பக்கம் அமரும். வேர் 40-ஆகவே இருந்திருந்தால் 45 வலப்பக்கம் போயிருக்கும். இந்த இடத்தில் சற்று நின்று, வேறுபாட்டை மாணவர்களையே சொல்ல வையுங்கள். அடுத்து 50-ஐ நீக்கினால் 60 வேராகும். 55-ஐச் சேர்த்தால் அதுவும் இடப்பக்கம்தான், 45-இன்கீழ். இப்போது இடப்பக்கம் ஐந்து கணுக்கள், வலப்பக்கம் 70 மட்டும். அதே ஏழு கணுக்கள், ஐந்து மட்டங்கள்.

எண்களை நான் பொறுக்கி எடுத்திருக்கிறேன் என்பது உண்மை. எதேச்சையாகச் சேர்த்தால் சாய்வு இவ்வளவு விரைவாக வராது. ஆனால் காரணம் ஒன்றே. ஒவ்வொரு நீக்கத்திலும் வலக்கிளை ஒரு கணுவை இழக்கிறது, வேரின் மதிப்பும் உயர்கிறது. வேர் உயர உயர, புதிதாக வருபவற்றில் அதைவிடச் சிறியவை கூடுகின்றன. உட்கிளைகளிலும் இதுவே நடக்கிறது.

இனி மாற்றி மாற்றிச் செய்வோம். 40-ஐ நீக்கி 50-ஐ வைத்து, 45-ஐச் சேர்க்கும்வரை முன்போலத்தான். 50-ஐ நீக்கும்போது மட்டும் இடக்கிளையின் மிகப்பெரிய எண்ணான 45-ஐ வேராக்குங்கள். பிறகு வரும் 55, 60-இன் இடப்பக்கம் அமரும். இருபுறமும் மும்மூன்று, மட்டங்களும் மூன்றே. நிரலில் இதற்கு ஒரு பூலியன் மாறி போதும். இரு குழந்தைகள் உள்ள கணுவை நீக்கும்போது மட்டும் அதன் மதிப்பைத் திருப்ப வேண்டும்.

ஆய்வகத்தில் நாலைந்து நீக்கங்கள் செய்து பார்த்தால் இக்குறை தெரியாது. ஹிப்பார்டு 1962-இல் தந்த இம்முறையை 1983-இல் எப்பிங்கர் கணினியில் நெடுநேரம் ஓட்டிப் பார்த்தார். முதலில் மரம் சற்றுக் குட்டையாகி, அதன்பின்தான் நீண்டது. n கணுக்களுக்குச் சுமார் n² நீக்கம்-சேர்ப்புச் சோடிகள் தேவைப்பட்டன. ஆயிரம் கணுக்கள் என்றால் பத்து லட்சம். இருபுறமும் சமமாக எடுத்தபோது மரம் நீளவில்லை.

ஆனால் இது சமநிலைக்கு உத்தரவாதம் அன்று. 1, 2, 3 என ஏறுவரிசையில் சேர்த்தால் மரம் அப்போதும் ஒரே கோடாகத்தான் வளரும். அதற்கு ஏவிஎல் மரம் வேண்டும்.