மருமகளுக்கு வீடு எழுதி வைத்தால்?

கேள்வி: என் பெயரில் உள்ள வீட்டை மருமகளுக்கு செட்டில்மென்ட் எழுதலாம் என்றிருக்கிறேன். வரி வருமா? முத்திரைத்தாள் செலவு எவ்வளவு?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வருமான வரிச் சட்டத்தில் ‘உறவினர்’ பட்டியல் நீளமானது. மாமனாரிடமிருந்து மருமகள் பெறும் வீட்டுக்கு, அதன் மதிப்பு எவ்வளவானாலும், வரி இல்லை. ஆனால் அந்த வீட்டில் வரும் வாடகையை உங்கள் வருமானமாகவே கணக்கிடுவார்கள்.

பதிவுத்துறையின் ‘குடும்பம்’ இதைவிடச் சிறியது. பெற்றோர், கணவன், மனைவி, மகன், மகள், பேரக்குழந்தைகள், உடன்பிறந்தோர் அதில் உண்டு; மருமகள், மருமகன் இல்லை.

வழிகாட்டி மதிப்பு 40 லட்சம் என்று வைப்போம். மகனுக்கு எழுதினால் முத்திரைத்தீர்வை 1 சதவீதம், உச்சவரம்பு 40,000 ரூபாய். பதிவுக் கட்டணமும் 1 சதவீதம், உச்சவரம்பு 10,000. மொத்தம் 50,000 ரூபாய். இது 2023 ஜூலையில் உயர்த்தப்பட்ட வரம்பு. மருமகளுக்கு நேரடியாக எழுதினால் தீர்வை 7 சதவீதம், கட்டணம் 2 சதவீதம். மொத்தம் 3,60,000 ரூபாய்.

மகனுக்கு எழுதி, பிறகு அவர் மனைவிக்கு எழுதினால் இரண்டு பத்திரத்துக்கும் சேர்த்து ஒரு லட்சத்தில் முடியும். ஆனால் முதல் பத்திரம் பதிவானதுமே வீடு மகனுடையது. இரண்டாவதை எழுதுவதா, வேண்டாமா என்பது அவர் விருப்பம். எழுதினாலும், வாடகைக்கு வரி கட்ட வேண்டியவர் மனைவி அல்ல, அவர்தான். பேரக்குழந்தை பெயரில் எழுதுவதற்கும் சலுகை உண்டு என்பதையும் யோசியுங்கள்.