இத்தாலியனுக்குப் போகும் கதைக்கு அக்காவின் குறிப்புகள்

தங்கச்சி, உன் கதையை இத்தாலியனில் கொண்டுவர ஆள் கிடைத்தது நல்ல சேதிதான். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. நீ அனுப்பும் ஆங்கிலப் பிரதிதான் அவருக்கு மூலம். கூடியவரை மூலமொழியிலிருந்தே பெயர்க்க வேண்டும், வேறு வழியே இல்லையென்றால்தான் இடைமொழி என்று 1976இல் யுனெஸ்கோ நைரோபியில் பரிந்துரைத்தது. நாம் இருப்பது அந்த ‘வேறு வழியே இல்லை’ நிலைமையில். அதனால் ஆங்கிலப் பிரதியைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்.

மெட்டி, சீர்வரிசை மாதிரிச் சொற்களுக்கு எல்லோரும் அடிக்குறிப்பு போட்டுவிடுவார்கள். கோட்டை விடுவது வேறு இடத்தில். தமிழிலும் உண்டு, இத்தாலியனிலும் உண்டு, நடுவில் ஆங்கிலத்தில் மட்டும் இல்லை என்ற சங்கதிகள்தான் சத்தமில்லாமல் காணாமல் போகும்.

உன் கதையில் ஓர் இளைஞன் பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் பேசுகிறான் என்று வை. “அத்தை பொண்ணு கல்யாணத்துக்கு வந்துச்சாம். நாங்க யாரும் பாக்கலை. நீங்க பாத்தீங்களா?” ஆங்கிலத்தில் இது “மை கசின் கேம் டு த வெட்டிங். நன் ஆஃப் அஸ் நோட்டிஸ்டு. டிட் யூ?” என்று அழகாகவே வரும். படித்தால் ஒரு குறையும் தெரியாது. ஆனால் இத்தாலியர் முதல் சொல்லிலேயே நின்றுவிடுவார். கசின் ஆணா, பெண்ணா? ஆண் என்றால் குஜீனோ, பெண் என்றால் குஜீனா. கூடவே ‘வந்த’ என்பதற்கான வினையின் முடிவும் மாறும். குறிப்பு இல்லாவிட்டால் பெரும்பாலும் ஆணாக்கிவிடுவார். உன் கதாநாயகி மீசை வைத்துக்கொண்டு கல்யாணத்துக்கு வந்துவிடுவாள்!

அடுத்தது ‘வந்துச்சாம்’. அந்த ‘ஆம்’தான் வாக்கியத்தின் உயிர், அவன் பார்க்கவில்லை, யாரோ சொன்னது. ஆங்கிலம் அதை நேரில் கண்ட செய்தியாக்கிவிட்டது. இத்தாலியனில் இதற்கென்றே ஒரு வினைவடிவம் இருக்கிறது: ‘சரெப்பே வெனூத்தா’, அதாவது வந்ததாகக் கேள்வி. உறுதிசெய்யாத செய்திக்கு அங்குள்ள பத்திரிகைகள் வழக்கமாக எழுதுவது இந்த வடிவத்தைத்தான். அதனால் உன் ஆங்கிலத்தில் ‘ஐ ஹியர்’ என்றாவது சேர்த்துவிடு.

‘நீங்க’ கதையும் அதேதான். இத்தாலியனில் நீ என்பதற்கு ‘தூ’, மரியாதைக்கு ‘லெய்’. யூ என்று பார்த்தவர் தூ போட்டால் பையன் பெரியவரை ஒருமையில் பேசுகிறான் என்றாகிவிடும். கணவன் மனைவி பேச்சில் இது இன்னும் சிக்கல். நம் கதைகளில் அவன் ‘நீ’ என்பான், அவள் ‘நீங்க’ என்பாள். இன்றைய இத்தாலியத் தம்பதி இருவரும் தூதான். மனைவி லெய் என்றால் சண்டை போட்டுப் பிரிந்தவர்கள் மாதிரி இருக்கும். தெற்கு இத்தாலியில் பெரியவர்களுக்குச் சொல்லும் ‘வொய்’ ஒருவேளை பொருந்தலாம். அதை அவர் முடிவு செய்யட்டும். யார் யாரை எப்படி அழைக்கிறார்கள் என்ற பட்டியலை நீ கொடுத்துவிடு.

முறைப்பெண் என்ற அர்த்தம் மட்டும் எந்த வழியிலும் போகாது. குஜீனா என்றால் கட்டிக்கொள்ளும் முறை என்று அங்கே யாருக்கும் தோன்றாது. கதைக்கு அது முக்கியமென்றால் முன்பின் வாக்கியத்தில் ஒரு கோடி காட்டிவிடு.

இத்தாலியன் வந்ததும் பலர் அதைத் திரும்ப ஆங்கிலமாக்கிச் சரிபார்ப்பார்கள். இது பலிக்காது. குஜீனோ திரும்ப கசின் ஆகும், தூ திரும்ப யூ ஆகும். தப்பு அப்படியே மறைந்துவிடும். அதற்குப் பதில் மொழிபெயர்ப்பாளரிடம் கேள்வி கேள்: வந்தது ஆணா பெண்ணா? இவன் கண்ணால் பார்த்தானா? பெரியவருக்கு எந்த ‘நீ’ போட்டீர்கள்? பதில் தடுமாறும் இடத்தில் உன் ஆங்கிலத்தைத் திருத்து.

இன்னொன்று, பெயர்கள். இத்தாலியனில் ‘ஆ’வில் முடியும் பெயர் பெரும்பாலும் பெண் பெயர், லூக்கா, அந்த்ரேயா போல ஒருசிலதான் விலக்கு. சிவா, ராஜா, சூர்யா மூவரையும் தமிழ் தெரியாதவர் பெண்கள் என்று நினைத்தால் அவரைக் குறைசொல்ல முடியாது. பெயருக்கு எதிரே ஆண், பெண், வயது, உறவு என்று ஒரு பக்கத்தில் எழுதி முதலிலேயே அனுப்பு. “டாக்டர் வந்தார்” என்று நீ எழுதி, அந்த டாக்டர் பெண் என்பதை மூன்றாம் அத்தியாயத்தில்தான் உடைக்கிறாய் என்றால் அதையும் சொல்லிவிடு. ‘வந்தார்’ தமிழில் அதை மறைக்கும், ஆங்கிலத்திலும் மறையும். இத்தாலியன் முதல் வரியிலேயே தொத்தோரே, தொத்தொரேஸ்ஸா இரண்டில் ஒன்றைக் கேட்கும்.