டி-டைமர் முடிவைப் படிப்பது எப்படி?

ஒரு காலில் வலியும் வீக்கமும் வந்தால், ஆழ்சிரையில் இரத்தம் உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் எழும். அப்போது எழுதித்தரப்படும் இரத்தப் பரிசோதனை டி-டைமர். முடிவில் ‘அதிகம்’ என்று அச்சிட்டிருந்தால் பலர் இரத்தக்கட்டி உறுதியாகிவிட்டது என்றே எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணைச் சரியாகப் படிக்கும் முறை இது.

முதலில், எதை அளக்கிறது?

இரத்தம் உறையும்போது ஃபைப்ரின் என்ற புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னி இறுகுகின்றன. உடனே உடல், பிளாஸ்மின் என்ற நொதியைக் கொண்டு அந்தப் பின்னலை அறுக்கவும் தொடங்குகிறது. அறுபட்டு இரத்தத்தில் கலக்கும் துண்டுதான் டி-டைமர். உடலில் எங்கோ உறைவு உண்டாகிக் கரைகிறது என்பதை மட்டும் அது சொல்லும். எங்கே, எதனால் என்பதைச் சொல்லாது. அறுவைச் சிகிச்சை, அடிபட்ட காயம், நிமோனியா போன்ற தொற்று, கர்ப்பம், புற்றுநோய், முதுமை ஆகிய எல்லாவற்றிலும் இது உயரும்.

படி 1: பரிசோதனைக்கு முன்பே வாய்ப்பைக் கணக்கிடுதல்

மருத்துவர்கள் இதற்கு ‘வெல்ஸ்’ மதிப்பெண்ணைப் பயன்படுத்துகிறார்கள். 64 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வலது கெண்டைக்காலில் நான்கு நாளாக வலி. ஆழ்சிரை ஓடும் தடத்தில் அழுத்தினால் வலிக்கிறது. அதற்கு 1 மதிப்பெண். முழங்காலுக்குக் கீழே துருத்தும் எலும்பிலிருந்து 10 செ.மீ. இறக்கி இரு கால்களையும் டேப்பால் அளந்தால் வித்தியாசம் 1.5 செ.மீ.தான், 3 செ.மீ.க்கு மேல் இருந்தால்தான் மதிப்பெண். புற்றுநோய், சமீபத்திய அறுவைச் சிகிச்சை, படுத்த படுக்கை, முன்பு வந்த கட்டி எதுவும் இல்லை. மொத்தம் 1. மதிப்பெண் 1 அல்லது அதற்குக் கீழ் என்றால் வாய்ப்பு குறைவு, டி-டைமர் உதவும். 2 அல்லது அதற்கு மேல் என்றால், டி-டைமர் எவ்வளவு இருந்தாலும் காலுக்கு ஸ்கேன் வேண்டும்.

படி 2: அலகைப் பார்த்தல்

இவருடைய முடிவு 580 நானோகிராம்/மி.லி. ஆய்வகங்கள் இதை எஃப்இயு, டிடியு என்ற இரு அலகுகளில் தருகின்றன. எஃப்இயு அளவு, டிடியு அளவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. வழக்கமான வரம்பு எஃப்இயுவில் 500, டிடியுவில் சுமார் 250. அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படித்தால் முடிவே மாறிவிடும்.

படி 3: வயதைச் சேர்த்துக்கொள்ளுதல்

50 வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி வரம்பாகக் கொள்ளலாம். இது எஃப்இயு அலகுக்கான கணக்கு. டிடியுவுக்கு ஐந்தால் பெருக்க வேண்டும். இவருடைய முடிவு எஃப்இயு என்றால் வரம்பு 640. ஆய்வகம் ‘அதிகம்’ என்று குறித்திருந்தாலும் 580 அதற்குள் அடங்குகிறது. வாய்ப்பும் குறைவாக இருப்பதால் ஸ்கேன் இல்லாமலே கட்டியை விலக்கிவிடலாம். அதே 580 டிடியு அலகில் வந்திருந்தால் வரம்பு 320. அப்போது ஸ்கேன் தேவை.

படி 4: உயர்ந்திருந்தால் ஸ்கேன்

வாய்ப்புக் குறைவானவர்கள் 100 பேரில் 5 பேருக்குக் கட்டி இருப்பதாக வைத்துக்கொள்வோம். அந்த 5 பேரிலும் அநேகமாக டி-டைமர் உயர்ந்திருக்கும். மீதி 95 பேரில் பாதிப் பேருக்கு வேறு காரணங்களால் உயர்ந்திருக்கும் என்று கொண்டால், உயர்ந்தவர்கள் 50 பேருக்கு மேல். கட்டி உள்ளவர்கள் 5 பேர்தான். சரியான அளவு வந்தவர்களிடையே கட்டியைக் காண்பது மிக அரிது. விலக்குவதற்கு உதவும் எண் உறுதிசெய்ய உதவாமல் போவது இதனால்தான். அல்ட்ராசவுண்டில் சிரையை அழுத்தும்போது அது அமுங்காமல் நின்றால்தான் கட்டி உறுதியாகும். கட்டி இல்லாமல், முழங்கால் மூட்டின் நீர் பின்புறம் கசிந்து வீங்கியதும் இதே வலியைத் தரலாம்.

எப்போது சரியான அளவையும் நம்பக்கூடாது?

உறைவெதிர் மருந்தை ஏற்கெனவே தொடங்கியிருந்தாலோ, அறிகுறிகள் தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் ஆகியிருந்தாலோ டி-டைமர் குறைந்து காட்டலாம். கெண்டைக்காலில் உள்ள சிறு கட்டியும் தப்பிவிடலாம். இரத்தம் எடுக்கும் முன்பே இவற்றை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வீக்கம் கூடினால், முடிவு சரியாக வந்திருந்தாலும் மீண்டும் காட்டுங்கள். திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம், மயக்கம் வந்தால் டி-டைமருக்காக ஆய்வகம் தேடாமல் நேரே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும்.