வருடக் காப்புறுதிக் கட்டணத்தை நான்கு தவணைகளாகக் கட்டக் கேட்பது எப்படி?

கடைக்கோ மில்லுக்கோ காப்புறுதி எடுத்தவர்களில் பலர் முதல் வருடக் கட்டணத்தை ஒரேயடியாகக் கட்டிவிடுகிறார்கள். அடுத்த வருடம் அந்தத் தொகையைச் சேர்க்க முடியாமல் பத்திரத்தைக் கைவிடுகிறார்கள். கட்டணத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கட்டும்படி மாற்றித் தருமாறு நீங்கள் கம்பனியிடம் கேட்கலாம். சம்மதிப்பதும் மறுப்பதும் கம்பனியின் விருப்பம். ஆனால் எதைக் கேட்பது, எந்தத் தாளில் வாங்குவது என்று தெரியாமல் கேட்டால், சம்மதம் கிடைத்தும் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

முதலில் உங்கள் பத்திரத்தில் கட்டணம் செலுத்துவது பற்றிய நிபந்தனையைத் தேடிப் பாருங்கள். இலங்கையில் வியாபாரக் காப்புறுதிப் பத்திரங்களில் வழக்கமாக வரும் நிபந்தனை இது: முழுக் கட்டணமும் பத்திரத்தில் குறித்த திகதிக்குள் கட்டப்பட வேண்டும். திகதி குறிக்கப்படாவிட்டால், காப்புறுதி தொடங்கியதிலிருந்து 60 நாட்களுக்குள் கட்ட வேண்டும். அந்த நாளில் அலுவலகம் மூடும் நேரம் வரை முழுக் காசும் சேராவிட்டால் காப்புறுதி இரத்தாகும். அதற்குப் பிறகு நடக்கும் இழப்புக்குக் கம்பனி பொறுப்பில்லை.

“பரவாயில்லை, நாலு தரமாகக் கட்டுங்கள்” என்று முகவர் வாயால் சொன்னதை நம்பி நீங்கள் கால்பங்கு மட்டும் கட்டினால், இந்த நிபந்தனைப்படி 60 நாட்களுக்குப் பிறகு உங்களிடம் காப்புறுதி இல்லை. முகவர் நல்லவராகவே இருக்கலாம். பத்திரத்தை மாற்றும் அதிகாரம் அவருக்கு இல்லை. நான்கு திகதிகளும் நான்கு தொகைகளும் எழுதிய திருத்தத் தாள் ஒன்றைக் கம்பனி தர வேண்டும். அலுவலகத்தில் இதை ‘எண்டோஸ்மென்ட்’ என்பார்கள். பழைய நிபந்தனைக்குப் பதிலாக இத்திகதிகளே செல்லும் என்ற வரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரியமடுவில் அரைக்கும் மில் நடத்தும் ஒரு குடும்பத்தை உதாரணமாக எடுப்போம். வருடக் கட்டணம் 48,000 ரூபா, காப்புறுதி மார்ச் 1இல் தொடங்குகிறது. சமமாகப் பிரித்தால் மார்ச், யூன், செப்டெம்பர், டிசெம்பர் முதலாம் திகதிகளில் 12,000 வீதம் வரும். பெரும்போக அறுவடை முடிந்த மார்ச்சில் மில்லில் வேலையும் காசும் இருக்கும். டிசெம்பரிலோ இருந்த காசெல்லாம் வயலுக்குள் போயிருக்கும். மழையும் வெள்ளமும் வருவதும் அப்போதுதான். அந்தத் தவணை தவறினால், மிகவும் தேவைப்படும் மாதத்தில் காப்புறுதி இராது.

ஆகவே சமமில்லாத தவணை கேளுங்கள்: மார்ச்சில் 18,000, யூனில் 12,000, செப்டெம்பரில் 12,000, டிசெம்பரில் 6,000. கம்பனி பார்ப்பது ஒன்றைத்தான்: கழிந்த நாட்களுக்கான கட்டணம் கைக்கு வந்துவிட்டதா? இந்தக் கணக்கில் ஒவ்வொரு தவணை நாளிலும், அன்றைய தவணை கட்டுமுன்பே, கழிந்த மாதங்களுக்கு உரியதைவிட 6,000 ரூபா கூடுதலாகக் கம்பனியிடம் இருக்கும். கடிதத்தில் இதை எழுதினால் மறுப்பதற்குக் காரணம் குறையும்.

கடிதத்தைப் புதுப்பிக்கும் நாளுக்கு ஒரு மாதம் முன்பே கிளை முகாமையாளருக்குக் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். புத்தளத்திலிருந்து இயந்திரத்தைக் கொண்டு வந்தவர்கள், பத்திரத்திலுள்ள முகவரியையும் அதே கடிதத்தில் திருத்தக் கேட்க வேண்டும்.

தவணை தவறினால் என்ன நடக்கும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். சலுகை நாட்கள் உண்டா, எத்தனை? அந்த நாட்களுக்குள் தீப்பிடித்தால் இழப்பீடு உண்டா? வருட நடுவில் இழப்பீடு தந்தால் மீதித் தவணைகளை அதில் கழிப்பார்களா? தவணைகளை மாற்றிய பின்னும், முழுக் கட்டணம் சேரும் வரை இழப்பீட்டுத் தீர்மானத்தைத் தள்ளிவைக்கும் உரிமை பத்திரத்தில் இருக்கிறதா?

இரத்தான பிறகு காசு கட்டினால் காப்புறுதி பின்னோக்கி உயிர் பெறும் என்று நினைக்க வேண்டாம். டிசெம்பர் 1இல் தவறி, 9இல் வெள்ளம் வந்து, 10இல் கட்டினால், அந்த வெள்ளத்துக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். புதிய விண்ணப்பமும் இடப் பரிசோதனையும் கேட்கவும் கூடும். (வெள்ளம் உங்கள் பத்திரத்தில் சேர்ந்திருக்கிறதா என்பதையும் பாருங்கள். தீக்காப்புறுதியில் அது தனியாகச் சேர்க்க வேண்டிய ஒன்று.)

தவணை நாள் ஞாயிறிலோ போயா தினத்திலோ விழுந்தால் முந்திய வேலைநாளில் கட்டிவிடுங்கள். காசோலை கொடுத்தால், அது மாறுவதற்கு எடுக்கும் நாட்களையும் கணக்கில் சேருங்கள். முகவரிடம் கொடுத்த காசுக்கு, பத்திர இலக்கம் எழுதிய கம்பனிப் பற்றுச்சீட்டு கைக்கு வரும்வரை அது கட்டிய காசு என்று எண்ண வேண்டாம். மில்லின் மேல் வங்கிக் கடன் இருந்தால் திருத்தத் தாளின் பிரதியொன்றை வங்கிக்கும் கொடுங்கள்.

ஒரு தவணை கட்ட முடியாதென்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த நாளுக்கு முன்பே கிளைக்குப் போய் புதிய திகதி கேளுங்கள். அதையும் எழுத்தில் வாங்குங்கள்.